√2 விகிதமுறா எண்: என் நிரூபணத்தின் நாலாவது வரி நிற்குமா?

மீள்கணக்கு

பள்ளியோடு விட்ட கணக்கை இப்போது தனியாக உட்கார்ந்து மறுபடி படிக்கிறேன். √2 விகிதமுறா எண் என்பதற்கான முரண்பாட்டு நிரூபணத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். எழுதியது அப்படியே கீழே.

1. √2 = p/q என்று வைத்துக்கொள்வோம். p, q முழு எண்கள், q ≠ 0.
2. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 2 = p²/q².
3. ஆகவே p² = 2q². அதாவது p² இரட்டை எண்.
4. இரட்டை எண்ணின் வர்க்கம் இரட்டை எண். ஆகவே p இரட்டை எண்.
5. p = 2k என்று எழுதலாம். 4k² = 2q², ஆகவே q² = 2k².
6. அதே காரணத்தால் q-வும் இரட்டை எண்.
7. p, q இரண்டுக்கும் 2 பொதுக் காரணி. இது முரண்பாடு. ஆகவே √2 விகிதமுறா எண்.

கூடப் படிக்கும் ஒருவரிடம் காட்டினேன். "நாலாவது வரி தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். p இரட்டை என்ற முடிவு சரிதானே? சரியான முடிவுக்கு வந்து சேரும் வரி எப்படித் தப்பாகும்? வரி வரியாகப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடைசிபெஞ்சு

எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. எல்லாப் புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது. p² இரட்டை என்றால் p இரட்டை என்பது யாருக்குத்தான் தெரியாது? 4, 16, 36, 64 எல்லாம் 2, 4, 6, 8-இன் வர்க்கங்கள். உங்கள் நண்பர் சும்மா குற்றம் கண்டுபிடிக்கிறார். மார்க் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.

சுண்ணக்கட்டி

நண்பர் சொன்னது சரி. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அது ஏழாவது வரியில் தெரியும். முதலில் நாலுக்கு வருவோம்.

நாலாவது வரியில் நீங்கள் சொல்லும் உண்மை இது: p இரட்டை என்றால் p² இரட்டை. அந்த இடத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது இது: p² இரட்டை என்றால் p இரட்டை. ஒன்று மற்றொன்றின் மறுதலை. இங்கே இரண்டுமே உண்மையாக இருப்பதால்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ஆனால் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை வாங்க முடியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் நிரூபணத்தில் 2 வரும் இடத்திலெல்லாம் 4-ஐப் போட்டு, மற்றச் சொற்களைத் தொடாமல் எழுதினால் இப்படி வரும்:

√4 = p/q என்று வைத்துக்கொள்வோம். p² = 4q². ஆகவே p² என்பது 4-ஆல் வகுபடும். 4-ஆல் வகுபடும் எண்ணின் வர்க்கம் 4-ஆல் வகுபடும். ஆகவே p 4-ஆல் வகுபடும். p = 4k. 16k² = 4q², ஆகவே q² = 4k². அதே காரணத்தால் q-வும் 4-ஆல் வகுபடும். முரண்பாடு. ஆகவே √4 விகிதமுறா எண்.

√4 என்பது 2. ஆக, இந்த ஏழு வரிக்குள் எங்கோ ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க, உண்மையான விடையையே உள்ளே போடுங்கள்: p = 2, q = 1. முதல் வரி, 2/1 = √4, சரி. p² = 4q², 4 = 4, சரி. p² 4-ஆல் வகுபடும், சரி. 4-ஆல் வகுபடும் எண்ணின் வர்க்கம் 4-ஆல் வகுபடும், இதுவும் சரிதான். "ஆகவே p 4-ஆல் வகுபடும்" என்ற இடத்தில் p = 2. வகுபடவில்லை. இங்கேதான் உடைகிறது. அந்த "ஆகவே"க்கு முன்னால் இருந்த வாக்கியம் உண்மை, ஆனால் அது பின்னால் வந்த வாக்கியத்தைத் தாங்கவில்லை. உங்கள் நாலாவது வரியிலும் இருப்பது அதே "ஆகவே"தான்.

சரி செய்வது சுலபம். p ஒற்றை எண் என்று வைத்துப் பாருங்கள். p = 2m + 1. அப்போது p² = 4m² + 4m + 1 = 2(2m² + 2m) + 1. அதாவது ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றைதான். நம் p² இரட்டை. ஆகவே p ஒற்றையாக இருக்க வழியில்லை. இவ்வளவுதான். கடைசிபெஞ்சு கொடுத்த 4, 16, 36, 64 பட்டியல் இந்த வேலையைச் செய்யாது. அதில் இருப்பவை இரட்டை எண்களின் வர்க்கங்கள் மட்டும். நமக்குக் கேள்வி ஒற்றை எண்களைப் பற்றி.

மீள்கணக்கு

4-ஐப் போட்டுப் பார்த்ததும் புரிந்துவிட்டது, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் செய்த அதே திருத்தத்தை 4-க்கும் செய்தால் என்ன ஆகும்? "p 4-ஆல் வகுபடாது என்று வைத்துப் பாருங்கள்" என்று தொடங்கினால்?

சுண்ணக்கட்டி

தொடங்கலாம், முடிக்க முடியாது. 4-ஆல் வகுபடாத எண் 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்றை மீதி தரும். வர்க்கப்படுத்தினால் மீதி முறையே 1, 0, 1. நடுவில் இருக்கும் 2 தான் கசிகிற இடம்: எண் 4-ஆல் வகுபடவில்லை, வர்க்கம் வகுபட்டுவிடுகிறது.

2-ஆல் வகுக்கும்போது வகுபடாத எண்ணுக்கு மீதி 1 ஒன்றுதான். அதன் வர்க்கத்துக்கும் மீதி 1. கசிய இடமில்லை. 3-ஐ எடுத்தால் மீதி 1 அல்லது 2, வர்க்கத்தின் மீதி இரண்டிலும் 1. அதனால் √3-க்கும் இதே நிரூபணம் அப்படியே ஓடும். எந்த எண்ணுக்கு ஓடும், எதற்கு ஓடாது என்று தெரிய வேண்டுமென்றால் மீதிகளை வர்க்கப்படுத்தி 0 வருகிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசிபெஞ்சு

அதாவது பகா எண்ணாக இருந்தால் ஓடும், பகு எண்ணாக இருந்தால் ஓடாது. இதை இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை. 2, 3, 5, 7-க்கு ஓடும். 4, 6, 8, 9-க்கு ஓடாது.

சுண்ணக்கட்டி

முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில் 6 நிற்காது. 6-ஆல் வகுக்கும்போது மீதிகள் 1, 2, 3, 4, 5. வர்க்கங்களின் மீதிகள் 1, 4, 3, 4, 1. எதிலும் 0 இல்லை. அதனால் √6-க்கு நிரூபணம் எழுத்துக்கு எழுத்து ஓடும். காரணம், 6 = 2 × 3, இரண்டும் வேறு வேறு பகா எண்கள். p² இரண்டாலும் வகுபட்டால் p-யும் இரண்டாலும் வகுபட்டாக வேண்டும்.

கெடுப்பது ஒரே பகா எண் இரண்டு முறை வருவது. 8-இல் மீதி 4, அதன் வர்க்கம் 16, மீதி 0. 12-இல் மீதி 6, வர்க்கம் 36, மீதி 0. ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். √8-உம் √12-உம் விகிதமுறா எண்கள்தான். நிரூபணம் உடைந்ததால் முடிவும் பொய் என்று ஆகாது, கருவியைத்தான் மாற்ற வேண்டும். √12-க்கு 12-ஐ விட்டுவிட்டு 3-ஐப் பிடியுங்கள். p² = 12q², ஆகவே p² 3-ஆல் வகுபடும், p-யும் வகுபடும். p = 3k என்று போட்டால் 9k² = 12q², அதாவது 3k² = 4q². இடப்பக்கம் 3-ஆல் வகுபடுவதால் 4q²-உம் வகுபட வேண்டும். 4 வகுபடாது, ஆகவே q² வகுபடும், q-வும் வகுபடும். முடிந்தது.

√4-க்கும் இப்படிக் கருவியை மாற்றித் தப்பிக்க முடியுமா என்றால், முடியாது. p² = 4q²-இல் 2-ஐப் பிடித்தால் p = 2k, 4k² = 4q², k² = q². அங்கேயே நின்றுவிடும். q இரட்டை என்று சொல்ல எந்த வழியும் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

இரவுஷிப்ட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கணக்குப் படித்தவன் இல்லை, கோடு எழுதுகிறவன். √2-க்குப் பின்னமே கிடையாது என்கிறீர்கள். என் கணினி தருகிறதே?

```python
from math import sqrt
print(sqrt(2).as_integer_ratio())
```

இதை ஓட்டினால் (6369051672525773, 4503599627370496) என்று இரண்டு முழு எண்கள் வருகின்றன. முதலாவதை இரண்டாவதால் வகுத்து sqrt(2)-உடன் == போட்டுப் பார்த்தேன், True வருகிறது. அப்புறம் எப்படி இல்லை என்கிறீர்கள்?

சுண்ணக்கட்டி

அந்தப் பின்னம் கணினி sqrt(2) என்று வைத்திருக்கும் எண்ணின் பின்னம். √2-இன் பின்னம் அல்ல. கணினி √2-ஐத் தன்னிடம் உள்ள 53 பிட் துல்லியத்துக்குள் அடக்கி, அருகிலுள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. அந்த எண் விகிதமுறு எண்தான், பகுதியில் இருப்பது 2-இன் 52-ஆம் அடுக்கு. உங்கள் == அந்த எண்ணை அதனுடனேயே ஒப்பிடுகிறது, True வராமல் என்ன செய்யும்?

இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தாலேயே அதைச் சோதிக்கலாம், எந்தப் பெருக்கலும் வேண்டாம். தொகுதியின் கடைசி இலக்கம் 3. அது ஒற்றை எண். ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றை. 2q² எப்போதும் இரட்டை. ஒற்றை எண் எப்படி இரட்டை எண்ணுக்குச் சமமாகும்? p² = 2q² ஆக வாய்ப்பே இல்லை. பதினாறு இலக்க எண்ணைக் கடைசி இலக்கத்தைப் பார்த்தே தள்ளிவிட்டோம்.

இரவுஷிப்ட்

அது சரி. ஆனால் இன்னும் அதிக பிட் வைத்தால் இரட்டை எண் தொகுதியாக வரலாம் இல்லையா? அப்போது?

ஈற்றிலக்கம்

தொகுதி இரட்டையாக வந்தால் பகுதி ஒற்றையாக இருக்கும், சுருக்கிய பின்னம் என்பதால். அப்போது p² 4-ஆல் வகுபடும், 2q² 4-ஆல் வகுபடாது. மறுபடியும் சமமில்லை. மீள்கணக்கு எழுதியதன் ஐந்தாவது, ஆறாவது வரிகள் செய்வது இதைத்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. இரட்டை, ஒற்றையை விட்டுவிட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். ஒரு முழு எண்ணின் வர்க்கம் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் முடியும். அதை இரட்டித்தால் 0, 2, 8-இல்தான் முடியும். p² முதல் பட்டியலில் இருக்க வேண்டும், 2q² இரண்டாவதில். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 0 மட்டும். ஆக p² 0-இல் முடிகிறது, p-யும் 0-இல் முடிகிறது. 2q² 0-இல் முடிய வேண்டுமானால் q² 0 அல்லது 5-இல் முடிய வேண்டும், ஆகவே q-வும் 0 அல்லது 5-இல் முடியும். இரண்டுமே 5-ஆல் வகுபடுகின்றன. சுருக்கிய பின்னத்தில் அது நடக்காது. கதை முடிந்தது.

இதில் நாலாவது வரிச் சிக்கலே வராது. பத்து இலக்கங்களையும் வர்க்கப்படுத்திப் பார்த்துவிட்டோம், விடுபட எதுவும் இல்லை.

சுண்ணக்கட்டி

அழகான வழி. 5-ஆல் வகுத்தால் வரும் மீதியை வைத்து வாதம் செய்கிறீர்கள், அதைப் பத்தடிமான எழுத்து மறைத்துக்கொண்டிருக்கிறது. √3-க்கும் ஓடும்: அங்கே மும்மடங்கு 0, 2, 3, 5, 7, 8-இல் முடியும், பொதுவாக இருப்பவை 0-உம் 5-உம், மறுபடியும் இரண்டும் 5-இன் மடங்குகள். √6-க்கு ஓடாது. 6-இன் மடங்கும் வர்க்கமும் 4-இலோ 6-இலோ சேர்ந்து முடியலாம்.

கடைசிபெஞ்சு

ஏழாவது வரியில் ஏதோ ஓட்டை என்றீர்களே, அதைச் சொல்லவே இல்லை. எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுண்ணக்கட்டி

ஏழாவது வரி "இது முரண்பாடு" என்கிறது. எதோடு முரண்? p, q இரண்டுக்கும் 2 பொதுக் காரணியாக இருந்தால் என்ன கெட்டது? 6/4 என்ற பின்னத்தில் இரண்டும் இரட்டைதான், யாரும் பதறுவதில்லை. முதல் வரியில் "p, q-க்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை" என்று எழுதியிருந்தால்தான் ஏழாவது வரி அதோடு மோதும். இந்த நிரூபணத்தில் மோதுவதற்குச் சுவரே கட்டவில்லை.

அப்படி எழுத உரிமை இருக்கிறதா என்றும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். இருக்கிறது. எந்தப் பின்னத்தையும் அதன் மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்துச் சுருக்கலாம், மதிப்பு மாறாது. √2 ஒரு பின்னம் என்றால் சுருக்கிய பின்னமாகவும் அதை எழுதலாம். ஆகவே "சுருக்கிய பின்னம்" என்பது புதிதாகச் சேர்க்கும் ஊகம் அல்ல. ஊகம் ஒன்றே ஒன்றுதான்: √2 விகிதமுறு எண். கடைசியில் முரண்பாடு வரும்போது பழி அதன்மேல் மட்டும் விழ வேண்டுமென்றால் இது தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "சுருக்கிய பின்னம் என்று எடுத்ததுதான் தப்பு, √2 விகிதமுறு எண்ணே" என்று ஒருவர் வாதிடலாம்.

கடைசிபெஞ்சு

தேவையே இல்லை. p, q இரண்டும் இரட்டை. சரி, 2-ஆல் வகுத்துவிடுவோம். புதிய பின்னமும் √2 தான், ஆகவே அதிலும் இரண்டும் இரட்டை. மறுபடி வகுப்போம். மறுபடி இரட்டை. முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். இதுவே முரண்பாடு. சுருக்கிய பின்னம் என்ற பேச்சே எடுக்க வேண்டாம்.

சுண்ணக்கட்டி

இது நல்ல நிரூபணம், ஆனால் மீள்கணக்கு எழுதியது இது அல்ல. நீங்களும் கடைசி அடியை விட்டுவிட்டீர்கள். முடிவில்லாமல் போவதில் என்ன முரண்பாடு? 1-ஐ 2-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 1/2, 1/4, 1/8 என்று முடிவில்லாமல் போகிறது, ஒரு முரணும் இல்லை. இங்கே முரண் வருவது q ஒரு மிகை முழு எண் என்பதால். ஒவ்வொரு முறையும் அது சிறிதாகிறது, ஆனால் முழு எண்ணாகவே இருக்கிறது. மிகை முழு எண்கள் கீழே இறங்கிக்கொண்டே இருக்க முடியாது, 1-க்குக் கீழே இடமில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் முழுமை.

உண்மையில் "சுருக்கிய பின்னம் உண்டு" என்பதற்கு அடியிலும் அதே உண்மைதான் இருக்கிறது. ஏதாவது ஒரு வடிவத்தில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இறங்குவது என்று பேச்சு வந்ததால் ஒன்று காட்டுகிறேன். இதில் இரட்டை, ஒற்றை, காரணி எதுவுமே வராது. p/q = √2 என்று இருந்தால், (2q − p)/(p − q) என்பதும் √2 தான். எப்படி என்றால், புதிய தொகுதியின் வர்க்கத்திலிருந்து புதிய பகுதியின் வர்க்கத்தின் இரு மடங்கைக் கழியுங்கள்:

(2q − p)² − 2(p − q)² = 4q² − 4pq + p² − 2p² + 4pq − 2q² = 2q² − p²

பழைய வித்தியாசமே குறி மாறி வருகிறது. p² − 2q² பூச்சியமாக இருந்தால் இதுவும் பூச்சியம். √2 என்பது 1-க்கும் 2-க்கும் இடையில் இருப்பதால் q < p < 2q. ஆகவே புதிய பகுதி p − q பூச்சியத்தைவிடப் பெரியது, q-வைவிடச் சிறியது. அதே எண், சிறிய பகுதி. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மிகை முழு எண்கள் முடிவில்லாமல் இறங்க வேண்டும். முடியாது.

√2-க்கு மிக அருகில் உள்ள ஒரு பின்னத்தைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 99/70 எடுங்கள். 99² = 9801, 2 × 70² = 9800. வித்தியாசம் 1. ஒருமுறை இறக்கினால் தொகுதி 140 − 99 = 41, பகுதி 99 − 70 = 29. 41² = 1681, 2 × 29² = 1682. வித்தியாசம் −1. அடுத்து 17/12, வித்தியாசம் 1. அப்புறம் 7/5, 3/2, 1/1 என்று வந்து, அடுத்த அடியில் 1/0 ஆகி நிற்கிறது. வித்தியாசம் கடைசி வரை 1, −1 என்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தது, கரையவே இல்லை. பூச்சியமாகத் தொடங்கிய பின்னம் ஒன்று இருந்திருந்தால் அது பூச்சியமாகவே இறங்கிக்கொண்டிருக்கும், நிற்க இடம் கிடைக்காது.

இரவுஷிப்ட்

99/70-ஐ ஒரு சிறு லூப் எழுதி ஓட்டினேன், சொன்னபடியே இறங்கி 1/0-இல் விழுந்தது. பிறகு என் பதினாறு இலக்கப் பின்னத்தைப் போட்டேன். அது 1/1-க்கு வரவில்லை, நடுவில் எங்கோ தொகுதி பகுதியைவிடச் சிறிதாகி, அடுத்த அடியில் பகுதி குறை எண்ணாகிவிட்டது. நிரலில் பிழையா?

சுண்ணக்கட்டி

பிழை இல்லை. உங்கள் பின்னத்தில் வித்தியாசம் 1 அல்ல, மிகப் பெரிய எண். எண்கள் பெரிதாக இருக்கும்வரை அது தெரியாது. எண்கள் சிறிதாகச் சிறிதாக அந்த வித்தியாசம் பக்கத்தில் மலைபோல நிற்கும், q < p < 2q என்ற நிபந்தனை உடைந்துவிடும். √2 அல்லாத எந்தப் பின்னமும் ஏதோ ஒரு படியில் இப்படித்தான் நிபந்தனையைவிட்டு வெளியே விழும். 99/70 கடைசிப் படிவரை தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

தர்க்கன்

எல்லோரும் இதை முரண்பாட்டு நிரூபணம் என்கிறீர்கள். அதில் எனக்கு மறுப்பு உண்டு. முரண்பாட்டு நிரூபணம் என்றால், ஒரு கூற்றை நிறுவ அதன் மறுப்பை எடுத்துக்கொண்டு, அபத்தத்துக்கு வந்து, "மறுப்பு பொய், ஆகவே கூற்று உண்மை" என்று முடிப்பது. இங்கே நிறுவ வேண்டியதே ஒரு மறுப்பு: √2 விகிதமுறு எண் அல்ல. ஒன்று "அல்ல" என்று காட்ட, அது ஆம் என்று எடுத்து அபத்தம் காட்டுவதுதான் நேர்வழி. இரட்டை மறுப்பை நீக்கும் படி எங்குமே இல்லை. அந்தப் படியை ஏற்காத உள்ளுணர்வுவாதிகள்கூட இந்த நிரூபணத்தை ஏற்பார்கள்.

சுண்ணக்கட்டி

தர்க்கப்படி நீங்கள் சொல்லும் வேறுபாடு உண்மையானது. ஆனால் பழக்கம் உங்கள் பக்கம் இல்லை. அரிஸ்டாட்டிலே அபத்தத்துக்குக் கொண்டுபோய் நிறுவும் முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது இதைத்தான்: சதுரத்தின் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் பொது அளவு உண்டு என்றால் ஒற்றை எண்கள் இரட்டை எண்களுக்குச் சமமாகிவிடும் என்கிறார். மீள்கணக்கு தேடும் திருத்தத்துக்கு இது உதவாது என்பது என் எண்ணம்.

தர்க்கன்

உதவும். நாலாவது வரியைப் பாருங்கள். "p ஒற்றை என்றால் p² ஒற்றை, p² இரட்டை, ஆகவே p ஒற்றை அல்ல" வரை மறுப்புதான். "ஒற்றை அல்ல, ஆகவே இரட்டை" என்பது தனி அடி. ஒவ்வொரு முழு எண்ணும் இரண்டில் ஒன்று என்பதை 2-ஆல் வகுத்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பதால் அது செல்லும். ஆனால் அப்படி ஓர் அடி எடுக்கிறோம் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுண்ணக்கட்டி

அந்த அடி இருப்பது உண்மை. தொடக்கநிலை நிரூபணத்தில் அதை எழுத வேண்டுமா என்பதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

மீள்கணக்கு

திருத்தி எழுதிவிட்டேன். மாறிய வரிகளை மட்டும் தருகிறேன்.

1. √2 விகிதமுறு எண் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் √2 = p/q என்று எழுதலாம். p, q மிகை முழு எண்கள், 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை. எந்தப் பின்னத்தையும் இப்படிச் சுருக்கலாம்.

4. p ஒற்றையாக இருந்தால், p = 2m + 1, p² = 2(2m² + 2m) + 1, அதுவும் ஒற்றை. ஆனால் p² இரட்டை. ஆகவே p இரட்டை.

7. p, q இரண்டுக்கும் 2 பொதுக் காரணி. வரி 1-இன்படி அவற்றுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இரண்டும் ஒன்றாக நிற்காது. ஆகவே √2 விகிதமுறு எண் அல்ல.

ஆறாவது வரியில் "அதே காரணத்தால்" என்பதை அப்படியே விடலாமா?

சுண்ணக்கட்டி

இப்போது விடலாம். முன்பு "அதே காரணம்" என்பதே தப்பான காரணமாக இருந்தது. "வரி 4-இல் p-க்குப் பதில் q" என்று எழுதினால் திருத்துகிறவருக்கு இன்னும் வசதி. ஐந்தாவது வரியில் k முழு எண் என்று ஒரு வார்த்தை சேருங்கள். ஆறாவது வரியில் q² = 2k² என்பதை வைத்து q² இரட்டை என்று சொல்ல அது வேண்டும்.

கடைசிபெஞ்சு

நான் சொன்ன இறங்கும் வழியில் எழுதினால் முதல் வரியில் அந்த நீள வாக்கியமே வேண்டியிருக்காது என்பதை மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

ஈற்றிலக்கம்

வேறு இடத்தில் வேண்டியிருக்கும்.

மீள்கணக்கு

ஒரு கடைசிக் கேள்வி. √2 + √3? p/q என்று வைத்து வர்க்கப்படுத்தினேன், 5 + 2√6 வந்து நிற்கிறது. இரட்டை, ஒற்றை எதையும் அதில் பிடிக்க முடியவில்லை.

ஈற்றிலக்கம்

பிடிக்க வேண்டாம். p²/q² = 5 + 2√6 என்றால் √6 = (p²/q² − 5)/2. வலப்பக்கம் விகிதமுறு எண். √6 அல்ல என்று மேலேயே 6-இன் மீதிகளை வைத்துப் பார்த்துவிட்டோமே.